சளி போன பிறகும் இரவில் இருமல் ஏன்?

சளி பிடித்து ஒரு வாரத்தில் காய்ச்சலும் தும்மலும் நின்றுவிடுகின்றன. ஆனால் படுத்தவுடன் இருமல் தொடங்குகிறது. பகலில் அடிக்கடி தொண்டையைச் செருமுகிறோம். நெஞ்சில் சளி தங்கிவிட்டது என்று நினைத்து இருமல் மருந்தை வாங்கிக் குடிக்கிறோம். பல நேரம் கோளாறு நெஞ்சில் இல்லை, மூக்கில் இருக்கிறது.

மூக்கில் ஊறும் நீர் எப்போதும் பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்கும். அதை நாம் அறியாமலேயே விழுங்கிவிடுகிறோம். சளி பிடித்தபின் மூக்கின் உள்தோல் சில நாட்கள் வீங்கியிருப்பதால் நீர் அதிகமாகவும் கெட்டியாகவும் வருகிறது. படுத்திருக்கும்போது அது தொண்டையின் பின்சுவரில் தேங்கி இருமலைத் தூண்டுகிறது. செருமச் செருமத் தொண்டை மேலும் புண்ணாகிறது, புண்ணான தொண்டை மறுபடியும் செருமத் தூண்டுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். நாற்பது வயதுள்ள ஒரு சகோதரிக்குச் சளி வந்து பத்து நாட்கள் ஆகின்றன. காய்ச்சல் இல்லை, பசி இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. படுத்த அரை மணி நேரம் இருமல், எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. இரண்டு பாட்டில் இருமல் மருந்து தீர்ந்தும் பயனில்லை. மகனுக்கு வாங்கியதில் மீதமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையையும் சாப்பிட்டிருக்கிறார். மருத்துவர் பார்க்கும்போது நெஞ்சில் எந்தச் சத்தமும் இல்லை. தொண்டையின் பின்சுவரில் சளி இழையாக வழிகிறது. இவருக்கு வேண்டியது மூக்குக்கான கவனிப்பு. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பதால் மட்டும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸை அது ஒன்றும் செய்யாது.

பெரியவர்களுக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பலன் தரும். தண்ணீரை நன்கு கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, 250 மில்லி எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேர்க்காத உப்பும், ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலக்க வேண்டும். வாஷ்பேசின் மேல் குனிந்து தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி, மேலே இருக்கும் மூக்குத் துவாரத்தில் மெதுவாக ஊற்றினால் மற்றொன்றின் வழியே வெளியேறும். பிறகு மெதுவாகச் சிந்த வேண்டும். காது வலித்தால் நிறுத்திவிட வேண்டும். படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செய்வது நல்லது. உள்ளே மீந்த நீர் வடிந்துவிடும்.

உளூச் செய்யும்போது மூக்கில் தண்ணீர் செலுத்துகிறோமே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். இது அதைவிட ஆழமாகச் செல்லும் கழுவல். அதனால்தான் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள கிருமிகள், அரிதாக என்றாலும், மூக்கின் வழியே மூளைவரை சென்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

தலையணையை மட்டும் உயர்த்தினால் கழுத்துதான் மடியும். மடித்த போர்வையைத் தோளுக்கடியிலிருந்து வைத்து மேல் உடம்பை உயர்த்திப் படுக்க வேண்டும். செருமத் தோன்றும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கினால் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்குப் படுக்கும்முன் அரை டீஸ்பூன் தேன் தரலாம். அதற்குக் கீழே தேன் கூடவே கூடாது. மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாட்களுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

இப்படிக் கவனித்தால் இத்தகைய இருமல் நாளுக்கு நாள் குறைந்து, பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் அடங்கும். குறையாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். விடியற்காலையில் விசில் போன்ற சத்தத்துடன் இருமினால் ஆஸ்துமாவாக இருக்கலாம். புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் சேர்ந்தால் வயிற்று அமிலம் காரணமாகலாம். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் வறட்டு இருமலைத் தரும். மாத்திரையை நாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மற்றொன்றையும் மறக்கக் கூடாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், "பழைய சளிதான்" என்று விட்டுவிடாமல், அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ள வேண்டும். சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், உடல் எடை குறைதல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.