பஜனைக்கு எத்தனை கட்டை?

செல்ல மகளுக்குப் பெரியப்பாவின் ஆசிகள்.

போன மார்கழியில் தெருப் பஜனை முதல்முறையாகக் குழந்தையின் பொறுப்பில் நடந்ததையும், புன்னாகவராளி நாமாவளி வந்ததும் கூட்டம் கலைந்ததுபோல் ஆனதையும் பெரியப்பா கோயில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் பிரசாத வரிசையில் நின்றபடி சொல்கிற விஷயமில்லை இது. நாற்பது வருஷம் இதே கூட்டத்துக்கு ஆர்மோனியம் போட்டவர் என்ற உரிமையில், அடுத்த மார்கழிக்கு முன்பாக எழுதி வைக்கிறார்.

அன்றைக்கு நடந்தது இதுதான். பாட்டு வகுப்பில் பழகிய சுருதி ஐந்தரைக் கட்டை. செல்போன் தம்பூராவும் அதில்தான் இருந்தது. அந்த ஸட்ஜத்திலேயே நாமாவளி தொடங்கியது. அந்த ராகம் மேல் ஸட்ஜத்துக்குப் போகாது; கீழ் நிஷாதத்துக்கும் நடு நிஷாதத்துக்கும் நடுவிலேயே சுற்றிச் சுற்றி வரும். ஐந்தரையில் ஸட்ஜம் வைத்தால் பாட்டு முழுவதும் நாலரைக்கும் அதற்கு மேல் நாலரைக்கும் நடுவில் கிடக்கும். பாட்டுக் கற்காத பெண்களுக்கு அடி நாலரை தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது, வெளியே வருவதில்லை. ஆண்கள் ஒரு ஸ்தாயி இறங்கினால் அவர்களுக்கும் அதே கதி, வெறும் உறுமல்தான். இறங்காமல் பெண்களின் ஸ்தாயியிலேயே பாடினால் கத்தல். அன்றைக்கு முன்வரிசைப் பெண்கள் முணுமுணுத்தார்கள், பின்வரிசை ஆண்கள் கத்தினார்கள். யார் மேலும் தப்பில்லை, கட்டைதான் தப்பு.

பாகவதரின் குரலை வைத்துக் கூட்டத்துக்குச் சுருதி வைப்பது கச்சேரிப் பழக்கம். கச்சேரியில் பாடுவது ஒருவர். பக்கவாத்தியம் அவருக்கு ஒத்துப்போகும். பஜனையில் ஐம்பது பேர் பாடவேண்டும். அங்கே முதலில் பார்க்கவேண்டியது பாட்டின் அடியும் உச்சியும். பாட்டை மெதுவாக ஒருமுறை வாய்க்குள் பாடிப் பார்த்து, எந்த எழுத்தில் மிகக் கீழே போகிறது, எந்த எழுத்தில் மிக மேலே போகிறது என்று ஆர்மோனியத்தில் தொட்டுப் பார்த்தால் போதும். அடி 6 அல்லது 7 கட்டையில் உட்காரவேண்டும். உச்சி அதற்கு மேல் வரும் 7 கட்டையிலோ 1 கட்டையிலோ நிற்கவேண்டும். ஒரு நொடி எட்டித் தொட்டு இறங்குவதானால் 2 கட்டை வரை போகலாம், அங்கே நிற்கச் சொன்னால் பெண்கள் முகம் சுளிப்பார்கள். பயிற்சியில்லாத பெண்குரல் சுகமாக உலவும் இடம் இது. ஆண்களுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இதே இடம் பொருந்துகிறது. ஸட்ஜம் எந்தக் கட்டை என்பது இதிலிருந்து தானாக வந்துவிடும். பாட்டுக்குப் பாட்டு மாறும்.

அந்த நாமாவளிக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடி, கீழ் நிஷாதம். அது 7 கட்டையில் விழவேண்டுமானால் ஸட்ஜம் ஒன்றரைக் கட்டை. உச்சி அடுத்த 7 கட்டை. இருபாலாருக்கும் கச்சிதம். இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஐந்தரைக் கட்டைக்கு மத்யமம் ஒன்றரைதான். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி மாதிரி ராகங்களை மத்யம சுருதியில் பாடவேண்டும் என்று பெரியவர்கள் வைத்ததற்குப் பின்னால் இந்தத் தொண்டைக் கணக்கு இருக்கிறது. வித்வானுக்கே அது வேண்டியிருக்கிறதென்றால் அடுத்த வீட்டு மாமாவுக்கு எவ்வளவு வேண்டியிருக்கும்!

ஆனால் மத்யம சுருதி என்றதும் தம்பூராவில் பஞ்சமத் தந்தியை மட்டும் மத்யமத்துக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடக்கூடாது. அப்படிச் செய்தால் நாலு தந்தியில் ஒன்றுதான் பாட்டின் ஸட்ஜத்தைச் சொல்கிறது, மற்ற மூன்றும் அதன் பஞ்சமத்தைச் சொல்கின்றன. பழகிய காது பிரித்துக்கொள்ளும். கூட்டத்தின் காது உரக்கக் கேட்பதைப் பிடித்துக்கொள்ளும். பஜனைக்கு, பெட்டியையோ செல்போனையோ நேராக ஒன்றரையில் வைத்துவிடுவதே நல்லது.

பஞ்சமத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்த வியாதி சாதாரணப் பாட்டிலும் வரும், முக்கியமாக ஆண்களிடம். ஸட்ஜம் அவர்களுக்கு மேலாகவும் இல்லாமல் கீழாகவும் இல்லாமல் நடுவாந்தரத்தில் இருந்தால், சிலர் தெரியாமலே பஞ்சமத்தில் போய் ஒட்டிக்கொள்வார்கள். சுருதியோடு இனிமையாகச் சேர்ந்து ஒலிப்பதால் முதல் அடி வரை யாருக்கும் தெரியாது. பாட்டு நகர்ந்ததும் அவர் தனிப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். இதற்குப் பெரியப்பா கண்ட வழி, தொடங்கும் முன் அரை நிமிஷம் பஞ்சமத்தை அணைத்துவிட்டு ஸட்ஜம் மட்டும் ஒலிக்கவிடுவது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று அதில் நிற்கவேண்டும். அந்த அரை நிமிஷத்தில் வரிசையோடு ஒரு நடை நடந்தால், யார் எங்கே நிற்கிறார் என்று காது சொல்லிவிடும். அவர் பக்கத்தில் நின்று அவருடைய ஸ்தாயியிலேயே ஆர்மோனியத்தின் ஸட்ஜத்தைப் பிடித்தால் நழுவி வந்து சேர்வார். எல்லோரும் சேர்ந்த பிறகு பஞ்சமத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

சுருதி இருந்தும் ஆண்கள் ஒட்டவில்லை என்றால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். செல்போனின் சின்ன ஸ்பீக்கருக்குக் கீழ் ஸட்ஜத்தைச் சொல்லும் சக்தி கிடையாது. அதிலிருந்து வருவது மேல்நாதம் மட்டும். பெண்களுக்கு அது போதும். ஆண்களுக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை. கொஞ்சம் பெரிய ஸ்பீக்கராக ஒன்று வாங்கி, மேடையில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் கூட்டத்தின் நடுவில் தரையில் வைக்கவேண்டும். ஒலி எவ்வளவு? பாடும்போது கேட்கவேண்டாம், இரண்டு அடிகளுக்கு நடுவில் மூச்சு வாங்கும்போது கேட்டால் போதும். வீதி வலம் போகும்போது ஸ்பீக்கர் தூக்குபவரும் வரிசையின் நடுவில்தான் நடக்கவேண்டும். பாபநாசம் சிவன் மார்கழி பஜனை நடத்திய மயிலை மாடவீதிகளைப் போல நீளமான வீதிகளில், முன்னால் போகிறவருக்கும் வால்பகுதிக்கும் நடுவில் அரைக்கட்டை வித்தியாசம் வருவது சர்வசாதாரணம்.

சுருதி இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ள மெஷின் வேண்டாம். அடி முடிந்து ஸட்ஜத்தில் நிற்கும்போது ஒலி மழமழவென்று இருந்தால் சரி. 'வௌ வௌ வௌ' என்று அலைபோல ஆடினால் விலகிவிட்டது. விநாடிக்கு மூன்று அலை என்றால் மூன்று அதிர்வு விலகல். ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நாமாவளியில் இறங்கும். முடிவில் வேகம் பிடிக்கும்போது ஏறும். பாட்டின் நடுவே கூட்டத்தைத் துரத்திக்கொண்டு சுருதியை மாற்றப்போனால் இரண்டும் போய்விடும். அடுத்த நிறுத்தத்தில் கைத்தாளத்தை மட்டும் ஓடவிட்டு, ஆர்மோனியத்தில் ஸட்ஜத்தை நீளமாகப் பிடித்து, அதன் மேல் பாகவதர் மட்டும் அடுத்த அடியை எடுத்தால் கூட்டம் பின்னால் வந்துவிடும்.

விடியற்காலை 5 மணிக் குரல் சாயங்காலக் குரல் இல்லை. எல்லாக் கணக்கிலும் அரைக்கட்டை கழித்துக்கொண்டு தொடங்கி, வெயில் வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.

ஸட்ஜத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை தாவும் பாட்டுகளுக்குச் சத்தியமாக எந்தக் கட்டையும் பொருந்தாது. அவற்றில் சரணத்தைக் குழந்தை தனியாகப் பாடி, பல்லவிக்கு மட்டும் கூட்டத்தை விடுவதுதான் வழி. பல்லவியின் அடி உச்சியை மட்டும் பார்த்துக் கட்டை வைத்தால் போதும்.

பெரியப்பாவின் பஜனை நோட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓரத்தில் பென்சிலில் கட்டை எழுதியிருக்கும். சிலவற்றில் அடித்து அடித்து மூன்று எண் இருக்கும். கடைசியாக எழுதியதைத்தான் பார்க்கவேண்டும். கடைசிப் பக்கத்து மங்களத்துக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை. அதை எந்தக் கட்டையில் எடுத்தாலும் அந்நேரத்துக்கு எல்லோரும் பொங்கலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
பெரியப்பா