கவர் லெட்டரில் தோல்வியா, பலவீனமா: எதை எழுதுவது?

சில வேலை அறிவிப்புகளின் கடைசியில் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘உங்கள் பணியில் நேர்ந்த ஒரு தோல்வியையோ, உங்களிடம் உள்ள ஒரு பலவீனத்தையோ கவர் லெட்டரில் குறிப்பிடவும்.’ நேர்காணலில் இதே கேள்வி வந்தால் எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேசலாம், தவறாகப் புரிந்துகொண்டால் உடனே திருத்தலாம். கடிதத்தில் அந்த வசதி இல்லை. எழுதியது கோப்பில் இருக்கும், மனிதவளப் பிரிவிலிருந்து துறைத் தலைவர் வரை கைமாறும். அதனால் எதை எழுதுவது என்ற தேர்வை எழுத உட்காரும் முன்பே செய்துவிட வேண்டும்.

விண்ணப்பிப்பவர்கள் பொதுவாக நான்கு வழிகளில் ஒன்றை எடுக்கிறார்கள். இரண்டை உடனே ஒதுக்கிவிடலாம்.

ஒதுக்க வேண்டிய இரண்டு

முதலாவது, கேள்வியைக் கண்டும் காணாமல் விடுவது. ‘நேரில் விளக்குகிறேன்’ என்று எழுதுவதும் இதில்தான் சேரும். அறிவிப்பை முழுமையாகப் படித்தவர் யார் என்று பார்ப்பதற்கும் இந்த வரி பயன்படுகிறது. பதில் இல்லாத கடிதத்தை ஒதுக்கி வைக்க அந்த ஒரு காரணமே போதும்.

இரண்டாவது, பலத்தைப் பலவீனம் போலக் காட்டுவது: ‘எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் என் குறை.’ இதைப் படிப்பவர் இதே வாக்கியத்தைப் பல கடிதங்களில் பார்த்திருப்பார். கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது மட்டுமே அவருக்கு மிஞ்சும்.

மீதமுள்ள இரண்டில் எது?

முடிந்துபோன ஒரு தோல்வி, இப்போதும் உடன் இருக்கும் ஒரு பலவீனம் ஆகிய இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேலை கொடுப்பவருக்கு அவை தரும் செய்தி வேறு. தோல்விக்கு ஒரு தேதி உண்டு, முடிவு உண்டு, அதற்குப் பின் மாறிய நடைமுறை உண்டு. ஆகவே அது நீங்கள் விண்ணப்பிக்கும் வேலையின் மையத்தைத் தொட்டாலும் பாதகமில்லை. சொல்லப்போனால் அப்படித் தொடுவதே நல்லது. பலவீனமோ நாளைக்கும் உங்களோடு அலுவலகம் வரப்போவது. அது வேலையின் மையத்தில் இருக்கக் கூடாது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அறிவிப்பில் உள்ள பொறுப்புகளில் முதல் மூன்றை அடிக்கோடிடுங்கள். உங்கள் பலவீனம் அந்த மூன்றில் ஒன்றைத் தொட்டால் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். தோல்வி தொட்டால், அதன்பின் என்ன மாற்றினீர்கள், அது பலித்ததா என்ற இரண்டுக்கும் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே எழுதலாம்.

அறிவிப்பு ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் கேட்டதையே கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று என்று விட்டிருந்தால், பணி அனுபவம் உள்ளவர் தோல்வியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. படிப்பை முடித்து நேராக வருபவருக்கும், முதலாளியின் ரகசியத்தையோ சக ஊழியரின் பெயரையோ இழுக்காமல் சம்பவத்தைச் சொல்ல முடியாதவருக்கும் பலவீனமே ஏற்றது. உடல்நலம், குடும்பச் சிக்கல் போன்றவை இரண்டிலுமே வேண்டாம். கேள்வி வேலையைப் பற்றியது.

ஒரு மாதிரி

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டு வேலை பார்த்தவர், ஓர் அறக்கட்டளையின் கணக்கு அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று பொறுப்புகள்: மாதக் கணக்கு முடிப்பு, வரித் தாக்கல், தணிக்கைக்கான ஆவணங்கள். அவர் முதலில் எழுதியது இது:

‘ஒரு சப்ளையர் ஏமாற்றியதால் நிறுவனத்துக்கு இழப்பு நேர்ந்தது. அதிலிருந்து மிகவும் கவனமாக இருக்கக் கற்றுக்கொண்டேன்.’

இதில் தவறு செய்தவர் சப்ளையர். எழுதியவர் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்பது தெரியவில்லை. ‘கவனம்’ என்பதும் சரிபார்க்க முடியாத சொல். திருத்திய வடிவம்:

‘வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு மாத ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கொள்முதல் பதிவேட்டை மட்டும் வைத்து இன்புட் கிரெடிட் எடுத்தேன். ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையுடன் ஒப்பிடவில்லை. நூல் சப்ளையர் ஒருவர் தன் விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்யாததை அதனால் கவனிக்கத் தவறினேன். அந்தத் தொகையை நிறுவனம் பின்னர் வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. தெரிந்த அன்றே மேலாளரிடம் நானே சொன்னேன். அதன்பின் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி 2பி வந்ததும் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, விடுபட்ட பில்களின் பட்டியலை 16ஆம் தேதிக்குள் கொள்முதல் பிரிவுக்கு அனுப்பிவருகிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்தக் காரணத்துக்காக ஒரு முறையும் வட்டி கட்டவில்லை.’

‘எடுத்தேன்’, ‘ஒப்பிடவில்லை’, ‘தவறினேன்’ என்று வினைகள் அவருடையவையாகவே நிற்கின்றன. ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்தால் பொறுப்பு காற்றில் போயிருக்கும். விளைவு ஒரே வாக்கியத்தில் முடிகிறது. வருந்துகிறேன், வெட்கப்படுகிறேன் என்ற நீட்டல் இல்லை. மாற்றத்துக்குத் தேதிகள் இருப்பதால் புதிய இடத்திலும் அதைச் செய்வார் என்று படிப்பவர் நம்பலாம். தொகையும் சப்ளையரின் பெயரும் இல்லை. அவை பழைய நிறுவனத்தின் உள்விவரம். வரித் தாக்கல் புதிய வேலையின் மையமாக இருந்தும் இந்தத் தோல்வி அவருக்கு எதிராகப் போகாது.

இதே நபர் பலவீனத்தை எழுதுவதானால், எக்செல் சரியாக வராது என்பது அவருக்கு ஆகாது. அது மாதக் கணக்கு முடிப்பையே தொடுகிறது. இப்படி எழுதலாம்: ‘கணக்கை எழுத்தில் விளக்குவது எனக்கு எளிது. கூட்டத்தில் பேசும்போது சின்ன விவரங்களில் நேரம் போக்கிவிடுகிறேன். இப்போது மாதக் கூட்டத்துக்கு முன் ஒரு பக்கச் சுருக்கம் தயாரித்து, அதை மட்டும் வைத்துப் பேசுகிறேன். இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.’ கடைசி வாக்கியத்தை விட வேண்டாம். முழுதாகச் சரியாகிவிட்டது என்றால் அது பலவீனமே அல்ல, பதிலும் பொருந்தாது.

எங்கே, எவ்வளவு?

கவர் லெட்டர் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். இந்தப் பதில் அதில் ஒரு பத்தி. கால் பங்கைத் தாண்டினால் கடிதமே தோல்வியைப் பற்றியதாகிவிடும். மேலே உள்ள மாதிரி கிட்டத்தட்ட அந்த எல்லையில் இருக்கிறது. அதை மூன்றாவது பத்தியாக வையுங்கள். இந்த வேலைக்கு ஏன் பொருத்தம் என்பதை முதல் இரண்டு பத்திகள் நிறுவிவிட்டால், படிப்பவர் தோல்வியைத் தகுதியுள்ள ஒருவரின் அனுபவமாகப் பார்ப்பார். முதல் பத்தியில் வைத்தால் அதுவே உங்கள் அறிமுகமாகிவிடும். கடைசிப் பத்தியில் வைத்தால் கடிதத்தை மூடும்போது மனதில் நிற்பது அது ஒன்றுதான்.

விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கட்டம் இருந்தால் அங்கே மட்டும் எழுதுங்கள். கடிதத்தில் மீண்டும் சொல்ல வேண்டாம். அறிவிப்பு கேட்காதபோது தானாக எழுதவும் வேண்டாம்.

அனுப்பும் முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. கடிதத்தில் எழுதியது நேர்காணலில் கட்டாயம் கேட்கப்படும் என்று வைத்துக்கொண்டு, மூன்று கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள்: அப்போது ஏன் அப்படிச் செய்தீர்கள்? யார் கண்டுபிடித்தார்கள்? உங்கள் பழைய மேலாளரைக் கேட்டால் இதையே சொல்வாரா? மூன்றாவதில் தயக்கம் வந்தால், தேர்ந்தெடுத்த சம்பவம் நல்லதாக இருந்தாலும் எழுதிய விதத்தில் ஏதோ மழுப்பியிருக்கிறீர்கள். அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகு அனுப்புங்கள்.