கல்லாவில் பணம் குறைந்ததென்று சம்பளத்தில் பிடித்தால்

எங்கள் தெருப் பெண் ஒருவர் சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். மாதச் சம்பளம் 14,000 ரூபாய். போன மாதம் 9,200தான் வந்தது. பேஸ்லிப்பில் ‘கேஷ் ஷார்ட் 4,800’ என்று ஒரே ஒரு வரி. எந்த நாள், எந்த ஷிப்ட், யார் எண்ணியது என்று எதுவும் இல்லை. கேட்டதற்கு, “கவுண்டர் உன்னுது, கணக்கும் உன்னுது” என்றார் சூப்பர்வைசர்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு மூன்று விஷயங்களைக் கேட்கிறது. அந்தப் பணமோ பொருளோ உங்கள் பொறுப்பில் தரப்பட்டிருக்க வேண்டும். இழப்புக்கு உங்கள் கவனக்குறைவோ தவறோ நேரடிக் காரணமாக இருக்க வேண்டும். பிடிக்கும் தொகை உண்மையான இழப்பைத் தாண்டக்கூடாது. இவற்றோடு, பிடிப்பதற்கு முன்பே உங்கள் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பழைய 1936-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது.

செய்ய வேண்டியவை

1. முதலில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இருக்காது. அந்தப் பெண் மேனேஜருக்கு அனுப்பிய கடிதம் இவ்வளவுதான்: “என் சம்பளத்தில் ரூ. 4,800 பிடிக்கப்பட்டுள்ளது. இது எந்தத் தேதி, எந்த ஷிப்டுக்கானது, எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தெரிவிக்கவும். அந்த நாளின் குளோசிங் ரிப்போர்ட்டையும் பணம் எண்ணிய தாளையும் பார்க்க அனுமதிக்கவும். என் விளக்கத்தைக் கேட்காமல் பிடித்ததை ஏற்கவில்லை. நேரில் விளக்கம் தர ஒரு நாள் ஒதுக்கவும்.” மின்னஞ்சலில் அனுப்புங்கள். காகிதமாகக் கொடுத்தால் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

2. பில் பில்லாகச் சரிபாருங்கள். கல்லாவில் குறைவது எல்லாம் காணாமல் போன பணம் அல்ல. வாடிக்கையாளர் யுபிஐயில் கட்டியதை அவசரத்தில் ‘கேஷ்’ என்று பதிந்தால் கல்லாவில் அந்தத் தொகை குறையும், வங்கிக் கணக்கில் அதே தொகை கூடும். குளோசிங் ரிப்போர்ட்டையும் அன்றைய யுபிஐ வரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தப் பெண் பார்த்தபோது, 2,350 ரூபாய் பில் ஒன்று அப்படிப் பதிவாகியிருந்தது. அது கடைக்கு இழப்பே இல்லை. ஓப்பனிங் கேஷ், ரத்தான பில், திருப்பிக் கொடுத்த பணம் ஆகியவற்றையும் இதே போல் பாருங்கள்.

3. கல்லாவை வேறு யார் தொட்டார்கள் என்று கேளுங்கள். மீதி 2,450. அன்று மதியம் 1.30 முதல் 2.15 வரை அந்தப் பெண் சாப்பிடப் போயிருந்தார். இன்னொருவர் அதே லாகினில் பில் போட்டிருக்கிறார். கைமாறியபோது பணம் எண்ணப்படவில்லை. அப்படியிருக்க, குறைவு இவருடைய தவறால்தான் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? நேரில் விளக்கம் தந்தபோது இந்தக் கேள்விக்கு நிர்வாகத்திடம் பதில் இல்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் 4,800-ம் திரும்பி வந்தது.

4. பொருள் சேதமென்றால் பழுது பில்லைக் கேளுங்கள். ஸ்கேனரை 1,200 ரூபாயில் சரிசெய்துவிட்டு, புதியதன் விலை 7,500-ஐ உங்களிடம் பிடிக்க முடியாது. தேய்ந்து பழுதானதா, கீழே விழுந்து உடைந்ததா என்று மெக்கானிக் எழுதிய குறிப்பையும் கேளுங்கள். நாள்பட்ட தேய்மானம் உங்கள் கவனக்குறைவு ஆகாது.

செய்யக்கூடாதவை

1. ‘நானே பொறுப்பு’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். “கையெழுத்துப் போட்டால்தான் மீதிச் சம்பளம்” என்று சொன்னாலும் அவசரப்படாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், ‘தொகையை ஏற்கவில்லை, ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று மேலே எழுதிக் கையெழுத்திடுங்கள். ‘எந்தக் குறைவானாலும் பிடிக்கலாம்’ என்று வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கியிருந்தாலும், சட்டம் தரும் சம்பள உரிமையை அதைக் காட்டிப் பறிக்க முடியாது.

2. சொந்தப் பணத்தைப் போட்டு டேலி செய்யாதீர்கள். நூறு இருநூறு தானே என்று ஒருமுறை போட்டால், குறைவு நடந்ததற்கான தடயமே அழிந்துவிடும். குறைந்தது குறைந்ததாகவே பதிவாகட்டும். அப்போதுதான் காரணத்தைத் தேட முடியும்.

3. மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். தொழிலாளர் துறையில் கோரிக்கை மனு கொடுக்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தவறாகப் பிடித்தது நிரூபணமானால், அந்தத் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் கிடைக்க வழியிருக்கிறது. ஆனால் சிசிடிவி பதிவு அவ்வளவு நாள் இருக்காது, பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். பேஸ்லிப் கையில் வந்த அன்றே, குறைவு வந்த நாளின் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி எழுதிக் கேளுங்கள்.