மேலே எழுதிய செல்போன் எண் எங்கே போகிறது?

கேள்வி: வேர்டில் தயாரித்த ரெஸ்யூமேயில் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் வருகின்றன. ஆனால் சில நிறுவனத் தளங்களில் ஏற்றினால், அவற்றுக்கான கட்டங்கள் மட்டும் காலியாக நிற்கின்றன. ஏன்?
— ஒரு வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: நீங்கள் அவற்றை ஹெடரில் வைத்திருக்கிறீர்கள். docx என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிய ஒரு ஜிப் பொதி. நகல் ஒன்றின் பெயரில் .docx என்பதை .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள். படிப்பும் அனுபவமும் `word/document.xml` கோப்பில் இருக்கும். உங்கள் எண் `header1.xml` போன்ற தனிக் கோப்பில் இருக்கும். ஃபுட்டருக்கும் அப்படியே தனிக் கோப்பு. சில மென்பொருள்கள் முதல் கோப்பை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடுகின்றன. ஹெடரில் பெரும்பாலும் பக்க எண்ணும் தலைப்பும்தானே இருக்கும் என்று வேண்டுமென்றே ஒதுக்குபவையும் உண்டு. எல்லா மென்பொருளும் இப்படியல்ல. அதனால்தான் உங்களுக்குச் சில தளங்களில் மட்டும் சிக்கல்.

சோதிக்க எளிய வழி: வேர்டில் பக்கத்தின் நடுவே கிளிக் செய்து Ctrl+A, Ctrl+C அழுத்தி, நோட்பேடில் ஒட்டுங்கள். ஹெடரில் உள்ளது அங்கே வராது.

பிடிஎஃப் ஆக்கினால் பல நேரம் எண் தப்பிவிடும். ஆனாலும் பக்கந்தோறும் திரும்ப வரும் வரிகளை நீக்கும் மென்பொருளில் அதுவும் போய்விடும். அதனால் ஹெடரை இருமுறை கிளிக் செய்து, எண்ணையும் மின்னஞ்சலையும் வெட்டி, முதல் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே சாதாரண வரியாக ஒட்டுங்கள். டெக்ஸ்ட் பாக்ஸ் வேண்டாம். அதையும் சில மென்பொருள்கள் தவறவிடும்.