இரண்டு கோடும் இரண்டு சொல்லும்

குற்றாலத்தில் சாரல் தொடங்குமுன் ஒரு விடுதிக்காரர் அறைக் கதவுகளை மாற்றுகிறார், தென்காசி மரக்கடைக்கு 48,500 ரூபாய்க்குச் செக் கொடுத்தனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதுமுன் கடையின் வங்கிக் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பலகையில் இருக்கும் பெயரும் பாஸ்புக்கில் இருக்கும் பெயரும் பல கடைகளில் வேறுவேறு. அந்தப் பெயரை இடது ஓரத்திலிருந்தே இடைவெளி விடாமல் எழுதி, வரியின் மிச்சத்தில் ஒரு கோடு இழுத்துவிடலாம். பெயருக்குப் பின் அச்சாகியிருக்கும் ‘ஆர் பேரர்’ என்பதை அடிக்க வேண்டும். பிறகு செக்கின் இடது மேல் மூலையில் சாய்வாக இரண்டு இணைகோடுகள். நடுவே ‘அக்கவுண்ட் பேயி’. கறுப்பு அல்லது நீல மை நல்லது, ஏனென்றால் இப்போது வங்கிக்கு வங்கி போவது செக் அல்ல, அதன் படம்.

பேரரை அடித்தாயிற்றே, கோடு எதற்கு என்று கேட்பார்கள். பேரரை மட்டும் அடித்த செக் ஆர்டர் செக். தன்னை இன்னார் என்று காட்டுகிறவர் அதைக் கவுண்ட்டரிலேயே பணமாக்கலாம். பின்னால் கையெழுத்திட்டு வேறொருவருக்கு மாற்றியும் விடலாம். போலிக் கையெழுத்துக்கு அங்கே வழி இருக்கிறது. அந்த வழியை அடைப்பது கோடுதான். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 123ஆம் பிரிவு இரண்டு இணைகோடுகளையே பொதுக் கோடிடல் என்கிறது; நடுவே எழுத்து இல்லாவிட்டாலும் செல்லும். 126ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட செக்குக்கு ஒரு வங்கி வழியாக அல்லாமல் பணம் தரக்கூடாது. ஆக, பணம் எவர் கணக்கிலாவது விழுந்தே தீரும், தடயம் இருக்கும்.

‘எவர் கணக்கிலாவது’ என்பதில்தான் ஓட்டை. கோடு மட்டும் போட்ட செக்கைக் கையெழுத்திட்டு மாற்றி, மூன்றாம் ஆள் தன் கணக்கில் போடலாம். அதைத் தடுப்பவை நடுவில் எழுதும் சொற்கள். விநோதம் என்னவென்றால், கோடிடல் பற்றிய அந்தப் பிரிவுகளில் ‘அக்கவுண்ட் பேயி’ என்ற சொல்லே கிடையாது. பெயருக்குரியவர் கணக்கைத் தவிர வேறு கணக்கில் வரவு வைக்கக்கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது ரிசர்வ் வங்கி. கோடில்லாமல் சொல்லை மட்டும் எழுதினால் 123ஆம் பிரிவின் பலம் அதற்கு இல்லை. கோடு பணம் தரும் வங்கியைக் கட்டுகிறது, சொல் வசூலிக்கும் வங்கியை.

கடைக்காரருக்கு வங்கிக் கணக்கே இல்லை, கூட்டுறவுக் கடன் சங்கத்தில் மட்டும் உறுப்பினர் என்றால்? 50,000 ரூபாய்க்கு மேற்படாத செக்கைச் சங்கத்தின் கணக்கில் வசூலிக்க ரிசர்வ் வங்கி விதிவிலக்கு தந்திருக்கிறது. நம் 48,500 அதற்குள் அடங்கும். ஆனால் பலகைப் பெயரில் எழுதி, கணக்கு முதலாளி பெயரில் இருந்தால் செக் திரும்பிவிடும். அதைத் திருத்திக் கொடுக்க வேண்டாம். தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு திருத்தமுள்ள செக்கைப் படமுறைத் தீர்வில் ஏற்பதில்லை. பழையதை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதுச் செக் எழுதுவதுதான் வழி.