சூடத்தை நம்பி இறங்காதீர்கள்: மோலார் நிறை காணக் கரைப்பானைத் தேர்வது எப்படி?

உறைநிலைத் தாழ்விலிருந்து மோலார் நிறை காணும் சோதனையைப் ப்ராஜெக்டாக எடுக்கும் பிள்ளைகள் பலர் சூடத்தின் பின்னால் போகிறார்கள். போன வருடம் செய்த அண்ணன் சூடத்தில் செய்தான் என்பது ஒரு காரணம். அட்டவணையைப் பார்த்த அப்பா, “பெரிய மாறிலி இதற்குத்தான், இதையே எடு” என்று சொல்லிவிடுவது இன்னொன்று. கையில் என்ன தெர்மாமீட்டர் இருக்கிறது, கரைபொருள் எதில் கரையும் என்று யோசிப்பதற்கு முன்பே கரைப்பான் முடிவாகிவிடுகிறது. அதன் பலனை முடிவில் வரும் எண் காட்டிக்கொடுக்கும்.

கணக்கு எளியது:

M = Kf × w₂ × 1000 / (ΔT × w₁)

w₂ கரைபொருளின் எடை, w₁ கரைப்பானின் எடை, இரண்டும் கிராமில். ΔT என்பது உறைநிலை எத்தனை டிகிரி இறங்கியது என்பது. Kf கரைப்பானுக்குரிய மாறிலி: தண்ணீருக்கு 1.86, பென்சீனுக்கு 5.12, நாப்தலீனுக்கு ஏறத்தாழ 7, சைக்ளோஹெக்சேனுக்கு 20 அளவு, சூடத்துக்கு 37.7 முதல் 40 வரை.

சர்க்கரை, யூரியா என்றால் தண்ணீர்தான், வேறு பேச்சில்லை. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பள்ளி ஆய்வகத்தில் அதைத் திறக்கவே வேண்டாம். நாப்தலீன் 80 டிகிரியில் உருகுவதால் வெந்நீரே போதும். அடக்கமான, நம்பகமான கரைப்பான்.

சூடத்துக்கு வருவோம். 1922-இல் ராஸ்ட் என்பவர் இந்த முறையைச் சொன்னதற்கு நியாயமான காரணம் இருந்தது. புதிதாகப் பிரித்தெடுத்த சேர்மம் சில மில்லிகிராம்தான் இருக்கும். அதை வைத்து மோலார் நிறையைத் தோராயமாகவாவது அறிய வேண்டும். அந்தத் தேவைக்குச் சூடம் அருமையான வழி. ஆனால் அலமாரியில் அரைக் கிலோ பொருளை வைத்துக்கொண்டு, துல்லியம் வேண்டும் என்று சூடத்தை நாடுவது தவறான தேர்வு.

ஏன் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ராஸ்ட் முறையில் 100 மில்லிகிராம் சூடத்தோடு 10 மில்லிகிராம் பொருளைக் கலப்பது வழக்கம். அந்தப் பொருளின் உண்மையான மோலார் நிறை 150 என்று வைத்துக்கொள்வோம். Kf 37.7 என்றால் வாய்பாட்டின்படி உருகுநிலை 25 டிகிரி இறங்க வேண்டும். ஆனால் இந்தக் கலவையில் நூறு மூலக்கூறுகளுக்கு ஒன்பது கரைபொருளுடையவை. இதை நீர்த்த கரைசல் என்று எப்படிச் சொல்வது? நமது வாய்பாடு நீர்த்த கரைசலுக்காகச் சுருக்கப்பட்டது. அதன் மூலச் சமன்பாட்டைச் சுருக்காமல் போட்டுப் பார்த்தால், கரைசல் முழு இலட்சியக் கரைசலாக நடந்துகொண்டாலும் 22.7 டிகிரிதான் இறங்கும். அந்த 22.7-ஐ எளிய வாய்பாட்டில் போட்டால் மோலார் நிறை 166 என்று வரும். தெர்மாமீட்டரில் துளிப் பிழையும் இல்லாமலே பத்து சதவீதம் தவறிவிட்டது.

இதற்கு மேல் மற்றத் தொல்லைகள் வருகின்றன. சூடம் 180 டிகிரிக்குச் சற்று முன்னால் உருகும். அந்தச் சூட்டில் சில கரிமப் பொருள்கள் சிதையும். சூடம் பதங்கமாகிக் குழாயின் மேல்பகுதியில் படிந்தால் w₁ குறைந்துபோகும். பூஜைக் கடைச் சூடத்தின் தூய்மைக்கு உத்தரவாதம் கிடையாது. போர்னியோல் போல உருவத்தில் சூடத்தை ஒத்த பொருள் என்றால், அது சூடப் படிகத்துக்குள்ளேயே இடம் பிடித்துக்கொள்ளும்; உறைவது தூய கரைப்பான் மட்டுமே என்ற அடிப்படையே அங்கே உடைந்துவிடும். சூடத்தில்தான் செய்தாக வேண்டும் என்றால், அதே புட்டிச் சூடத்தில், ஏறத்தாழ அதே செறிவில், நாப்தலீன் போன்ற மோலார் நிறை தெரிந்த ஒன்றைக் கரைத்து Kf-ஐ நீங்களே கண்டுபிடியுங்கள். அட்டவணை எண்ணை நம்பாதீர்கள்.

நான் சைக்ளோஹெக்சேன் கட்சி. பல ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு செய்து பார்த்ததில் இதுவே என் மனத்துக்குப் பிடித்தது. 6.5 டிகிரியில் உறைவதால் ஐஸ் தண்ணீரே போதும். 20 கிராம் சைக்ளோஹெக்சேனில் 0.25 கிராம் நாப்தலீனைக் கரைத்தால் உறைநிலை 1.95 டிகிரி இறங்கும். வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 20 × 0.25 × 1000-ஐ 1.95 × 20-ஆல் வகுத்தால் 128. தெர்மாமீட்டர் பத்தில் ஒரு டிகிரி பிசகினாலும் பிழை ஐந்து சதவீதம்தான். இதே செறிவில் தண்ணீரில் கரையும் ஒரு பொருள் 0.18 டிகிரிதான் இறக்கும். அங்கே பத்தில் ஒரு டிகிரி பிசகினால் விடையில் பாதி போய்விடும்.

ஆனால் இங்கும் ஒரு பொறி இருக்கிறது. சைக்ளோஹெக்சேனின் மாறிலி பெரிதாக இருப்பதற்கு முக்கியக் காரணம், அது உறையும்போது வெளிவிடும் வெப்பம் மிகக் குறைவு என்பது. ஒரு கிராமுக்கு 32 ஜூல் அளவே, தண்ணீருக்கு 334. உறைநிலையைத் தாண்டியும் கரைசல் உறையாமல் குளிர்ந்துகொண்டே போவதுண்டு. அதற்கு மிகைக்குளிர்தல் என்று பெயர். பிறகு திடீரென்று உறையத் தொடங்கி, வெளிப்படும் வெப்பத்தால் வெப்பநிலை மேலேறும். தண்ணீர் மூன்று டிகிரி மிகைக்குளிர்ந்தால், மீண்டு வருவதற்குள் நான்கு சதவீதம்கூட உறைந்திருக்காது. சைக்ளோஹெக்சேனில் பதினேழு சதவீதம் உறைந்துவிடும். எஞ்சிய கரைசல் அடர்த்தியாகி, ஏறி நிற்கும் வெப்பநிலை உண்மையான உறைநிலைக்குக் கீழேயே இருக்கும். அதை அப்படியே எழுதிக்கொண்டால் 128 வர வேண்டிய இடத்தில் 106 வரும். நாப்தலீனைக் கொடுத்தும் விடை நூற்றுச் சொச்சத்தில் நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தவிர்க்கும் வழி நிதானம்தான். சோதனைக் குழாயை ஐஸில் நேரடியாக நிறுத்தாமல், சற்றுப் பெரிய வெற்றுக் குழாய்க்குள் வைத்து ஐஸில் இறக்குங்கள். நடுவில் உள்ள காற்று குளிர்வதை மெதுவாக்கும். விடாமல், ஒரே வேகத்தில் கலக்குங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையை எழுதி வரைபடம் போடுங்கள். கரைசலின் கோடு, தூய கரைப்பானுடையது போலச் சமமாக நிற்காது. உறைய உறையச் சரிந்துகொண்டே போகும். அந்தச் சரிவைப் பின்னோக்கி நீட்டி, முதலில் குளிர்ந்த கோட்டை அது வெட்டும் இடத்தை உறைநிலையாகக் கொள்ள வேண்டும். இப்படி அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்று எழுதுவது எல்லோருக்கும் கைவராது. கைவராதவர்கள் நாப்தலீனை எடுக்கட்டும். அதில் குறைவு ஒன்றுமில்லை. எது உங்கள் கைக்கும் நிதானத்துக்கும் ஏற்றது என்று நீங்களே பார்த்து எடுங்கள். அப்பாவின் விருப்பம் குளிர்வுக் கோட்டைத் திருத்தித் தராது.

அட்டவணைகள் சைக்ளோஹெக்சேனுக்கு 20.0 என்றும் 20.8 என்றும் தருகின்றன. அந்த வித்தியாசமே நான்கு சதவீதம். எனவே தூய கரைப்பானின் உறைநிலையையும், தெரிந்த பொருளை வைத்து மாறிலியையும் அதே நாளில், அதே புட்டியில், அதே தெர்மாமீட்டரில் எடுத்துவிட்டுத்தான் தெரியாத பொருளைத் தொட வேண்டும். தெரியாத பொருள் கார்பாக்சிலிக் அமிலமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: இத்தகைய கரைப்பானில் அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்துவிடும். பென்சாயிக் அமிலத்தின் 122, 244-ஐ ஒட்டித் தெரியும். கரைசலை நீர்க்க நீர்க்க விடை கீழே இறங்கிவந்தால், நீங்கள் பார்ப்பது இணைந்திருந்த மூலக்கூறுகள் பிரிவதைத்தான்.