சுவரில் ஏறும் ஈரமும் டி.பி.சி.யும்

வீடு கட்டி இரண்டு மாரி முடிவதற்குள் உட்சுவரின் அடிப்பகுதி கறுத்து, பெயின்ற் கொப்புளித்து, தொட்டால் பூச்சு மாவாக உதிர்கிறது என்று பல குடும்பங்கள் எம்மிடம் சொல்லியிருக்கின்றன. பெரும்பாலானோர் முதலில் கூரையைத்தான் சந்தேகிக்கின்றார்கள். ஆனால் கூரை ஒழுக்கு மேலிருந்து கீழே இறங்கும். நாம் இங்கே சொல்லும் ஈரம் நிலத்திலிருந்து மேலே ஏறுவது.

விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைத் தினமும் பார்க்கிறோம். சீமெந்துக் கல்லிலும் செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை திரியைப் போலவே நிலத்து நீரை இழுக்கின்றன. நம்ப முடியாவிட்டால், காய்ந்த சீமெந்துக் கல் ஒன்றை இரண்டு அங்குலத் தண்ணீர் உள்ள தாச்சியில் நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலேயும் கல் நனைந்திருக்கும்.

சுவரில் இந்த ஈரம் பொதுவாக மூன்று அடி வரையில் ஏறும். அதற்கு மேலே போவதற்குள் காற்றுப் பட்டு உலர்ந்துவிடும். ஆனால் நிலத்து நீரில் கரைந்து வந்த உப்பு உலர்வதில்லை. அது பூச்சுக்குள்ளேயே தங்கி வெள்ளையாகப் பூத்து, பூச்சை உள்ளிருந்து தள்ளி உடைக்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். அதனால்தான் வெயில் காலத்திலும் மழைக்குணமான நாளில் அந்த இடம் மட்டும் நனைந்ததுபோல் தெரிகிறது. கிணற்று நீர் சவராக உள்ள கரையோரக் கிராமங்களில் இது இன்னும் மோசம்.

ஈரம் ஏறுகிறதா என்று அறிய, நனைந்த பகுதியின் மேல் எல்லையில் பென்சிலால் கோடு போட்டுத் திகதியும் எழுதி வையுங்கள். ஏறும் ஈரமானால் அந்த எல்லை சுவர் நீளத்துக்கும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் அலையலையாக இருக்கும். மாரியில் உயர்ந்து கோடையில் கொஞ்சம் இறங்கும். யன்னலுக்குக் கீழே மட்டும், அல்லது ஒரு மூலையில் மட்டும் ஈரமென்றால் காரணம் வேறு.

இதை நிறுத்துவதற்கு அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் நீர் கடக்க முடியாத ஒரு படை போடப்படுகிறது. மேசன்மார் அதை டி.பி.சி. என்பார்கள். திரியை நடுவில் வெட்டிவிடுவது போன்ற வேலை அது. அத்திவாரம் கட்டி முடிந்து, முதல் வரிக் கல் வைப்பதற்கு முன் உள்ள ஓரிரு நாட்கள்தான் இதற்கான நேரம். சுவர் எழும்பிய பின் இதைச் செய்வது கடினம், செலவும் பல மடங்கு. ஆகவே அந்த நாட்களில் நீங்கள் வளவில் நிற்பது நல்லது.

நம் நாட்டில் வழமையான முறை இது. ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல் கலந்த சாந்தை முக்கால் அங்குலத் தடிப்பில், அத்திவாரத்தின் முழு அகலத்துக்கும், மட்டம் பார்த்துப் போட வேண்டும். வெளி நிலத்திலிருந்து இதன் உயரம் குறைந்தது 6 அங்குலம் இருக்க வேண்டும். வெள்ளம் நிற்கும் வளவென்றால் இன்னும் கூட. கடல் மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. வாசல் வரும் இடங்களிலும் படையை விட்டுவிடாமல் தொடர்ந்து போட வேண்டும். மூன்று நாளாவது ஈரச் சாக்குப் போட்டு நனைத்து, பிறகு நன்றாகக் காயவிட்டு, சூடாக்கிய தார் இரண்டு முறை பூச வேண்டும். ஈரத்தின்மேல் பூசிய தார் ஒட்டாது. இரண்டாவது பூச்சு காய்வதற்கு முன் மெல்லிதாக மணல் தூவினால் மேலே வரும் சாந்து நன்றாகப் பிடிக்கும். தார் காய்ச்சும் இடத்துக்குச் சிறுவர்களை விடாதீர்கள். காயும் தாரில் தண்ணீர் பட்டால் சீறித் தெறிக்கும்.

செலவைப் பார்ப்போம். சுவர்களின் மொத்த நீளம் 120 அடி, அத்திவாரத்தின் மேல் அகலம் 9 அங்குலம் என்றால் பரப்பு 90 சதுர அடி. முக்கால் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய 2 பை சீமெந்தும், அதே பையால் அளந்த 4 பை மணலும் போதும். அதற்கு மேல் தார். முழு வீட்டுக்கும் இவ்வளவுதான். இதை மிச்சம் பிடிக்கச் சொல்லும் மேசனின் பேச்சைக் கேட்காதீர்கள்.

டி.பி.சி. ஒழுங்காகப் போட்ட வீட்டிலும் ஈரம் ஏறலாம். கிளிநொச்சி மாவட்டத்தில் நாம் போன ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. “பிள்ளை, டி.பி.சி. போடேக்க நான் பக்கத்திலயே நிண்டனான். பிறகெப்பிடி முன்னறை நனையுது?” என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். அவர் சொன்னது சரி. எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வெளிச்சுவர் ஓரமாக மண்வெட்டியால் கொத்தியபோதுதான் விஷயம் தெரிந்தது. முற்றத்தில் வெள்ளம் நிற்கிறதென்று, வீடு கட்டி அடுத்த வருடம் கிறவல் கொட்டி முற்றத்தை உயர்த்தியிருக்கிறார்கள். டி.பி.சி. பழைய நிலத்திலிருந்து 9 அங்குல உயரத்தில் இருந்தது. கிறவலோ சுவர் ஓரத்தில் ஒரு அடி. தடைக்கு மேலே உள்ள கல்லை ஈரமண் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தது. போதாததற்கு, வெளிப்பூச்சையும் நிலம் வரை இழுத்துப் பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சும் தடையைத் தாண்டி நீரை மேலே கொண்டுபோகும் ஒரு பாலந்தான்.

திருத்தம் இப்படி நடந்தது. மாசி மாதம் மழை ஓய்ந்ததும் சுவர் ஓரமாக இரண்டு அடி அகலத்துக்குக் கிறவலைப் பழைய நிலமட்டம் வரை அகற்றினார்கள். அதை வெறும் கிடங்காக விட்டால் மாரித் தண்ணீர் அதற்குள்தான் நிற்கும். ஆகவே வீதி வாய்க்கால் பக்கம் சரிவு வைத்தார்கள். வெளிப்பூச்சை டி.பி.சி. மட்டத்தில் வெட்டி, அதற்குக் கீழே உள்ளதைக் கழற்றினார்கள். உள்ளே உப்புப் பிடித்த பூச்சை, பென்சில் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை கொத்தி அகற்றி, சுவரை வெறுமையாகக் காயவிட்டார்கள்.

காய்வதற்குப் பொறுமை தேவை. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கணக்கு; 6 அங்குலச் சுவருக்கு ஆறு மாதம். அதற்குள் நீர் புகாத பெயின்ற்றோ கடுமையான சீமெந்துப் பூச்சோ போட்டு மறைத்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும்.

வீட்டுக்குள்ளும் இதே பிழை வரலாம். தரைக்கு மண் நிரப்பும்போது டி.பி.சி.க்கு மேலே போனால் ஈரம் பக்கவாட்டில் சுவருக்குள் போகும். தரைக் கொங்கிரீட்டுக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரித்து, அதன் ஓரத்தை மடித்துச் சுவரின் டி.பி.சி.யுடன் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

டி.பி.சி. இல்லாத பழைய வீட்டின் சுவர்கள் நின்று, அதைத் திருத்திக் குடியேறுவோரும் உண்டு. சுவரைச் சிறு சிறு துண்டாக அறுத்துத் தடை புகுத்தும் முறை இருக்கிறது. ஆனால் ஷெல் பட்டு வெடித்த சுவரில் அதைத் தொடவே கூடாது. நல்ல சுவரென்றாலும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்த பின்னரே. அப்படிப்பட்ட வீடுகளில் சுவர் ஓர மண்ணைத் தாழ்த்தி, கூரைத் தண்ணீர் அடியில் விழாமல் பீலி வைத்து, கீழ் மூன்று, நான்கு அடிக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசுவது ஈரத்தைக் குறைக்கும். முற்றாக நிறுத்தாது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், உப்பில் உதிர்ந்தாலும் சில வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பகுதியை மட்டும் மலிவாகத் திரும்பப் பூசலாம்.